"இந்த வீடு என் தாத்தாவால் கட்டப்பட்டது": பிழை இல்லை என்கிறார்கள், அப்புறம் அத்தை ஏன் சிரித்தார்?

புனே_மீனா

வணக்கம். பிறந்து வளர்ந்தது எல்லாம் புனேயில். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். எழுதப் படிக்க மட்டும் பெரியவளான பிறகு நானாகக் கற்றுக்கொண்டேன், இப்போது நான்காவது வருடம்.

கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் தாத்தா வீட்டை விற்கப் போகிறார்கள். அதற்குள் பழைய போட்டோக்களைத் தொகுத்து ஒரு ஆல்பம் அச்சடிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் வீட்டு வாசல் படம். அதன் கீழே இப்படி எழுதினேன்:

"இந்த வீடு 1962-ஆம் ஆண்டில் என் தாத்தாவால் கட்டப்பட்டது."

அத்தைக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை மூன்று வந்தது, கூடவே "கல்வெட்டு மாதிரி இருக்குடி" என்று ஒரு வரி. சித்தப்பா மகனிடம் "சரியா இருக்கா?" என்று கேட்டேன். "சூப்பர், நல்ல தமிழ்" என்றான். இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் செயப்பாட்டு வினைக்குக் கொடுத்திருக்கும் வாய்பாட்டில் என் வாக்கியம் அச்சாகப் பொருந்துகிறது.

தமிழிலேயே ஊறியவர்கள் சொல்லுங்கள். இது சரியான வாக்கியம் மட்டும்தானா, இல்லை யாராவது இப்படி எழுதவும் செய்வார்களா?

ஒற்றுக்காவலன்

"ஆண்டில் என்" என்ற இடத்தில் ஒற்று மிக வழி இல்லை. "தாத்தாவால் கட்டப்பட்டது" என்பதிலும் மிகாது. "1962-ஆம்" என்று இடையில் கோடு போடுவதும் வழக்கத்தில் உள்ளதே. ஆகவே வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை. உங்கள் அத்தை எதற்குச் சிரித்தார் என்று தெரியவில்லை.

புனே_மீனா

நன்றி ஐயா. பிழை இல்லை என்பது எனக்கும் தெரிகிறது, அதனால்தான் குழப்பமே. பிழை இருந்திருந்தால் திருத்திவிட்டுப் போயிருப்பேன்.

வைகைக்கரை

இதில் குழம்ப என்ன இருக்கிறது? செயப்பாட்டு வினை தமிழே கிடையாது. வெள்ளைக்காரன் இலக்கணத்தைப் பார்த்து நாம் காப்பியடித்தது. "கட்டப்பட்டது, சொல்லப்பட்டது, செய்யப்பட்டது" என்று எங்கே படு வந்தாலும் வெட்டித் தூக்கி எறியுங்கள். "என் தாத்தா இந்த வீட்டைக் கட்டினார்." முடிந்தது வேலை.

பழைய_வாத்தியார்

வைகைக்கரை தம்பி, பாதி சரி. படு எல்லாமே காப்பி என்றால் "ஒழுக்கம் உயிரினும் ஓம்பப் படும்" என்ற 131-ஆம் குறளை எங்கே கொண்டுபோய் வைப்பது? வள்ளுவர் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்?

ஆனால் அந்தக் குறளில் யாரால் ஓம்பப்படும் என்று இல்லை பாருங்கள். செய்கிறவர் யார் என்பது அங்கே முக்கியமில்லை. படு சுகமாக உட்காருவது இந்த மாதிரி இடத்தில்தான். இன்றைக்கும் "தேர்வு ஒத்திவைக்கப்பட்டது", "இருவர் கைது செய்யப்பட்டனர்" என்று படிக்கும்போது யாருக்கும் உறுத்துவதில்லை. செய்தது யார் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றாது.

மீனா, உங்கள் வாக்கியத்தில் உறுத்துவது படு இல்லை. "தாத்தாவால்" என்பதில் இருக்கும் அந்த "ஆல்". நாள் முழுக்க நாம் பேசுவதில் ஒரு ஆளோடு "ஆல்" சேர்ந்து வரும் இடங்களை எண்ணிப் பாருங்கள். "என்னால முடியாது." "அவனால நடக்க முடியலை." இல்லாவிட்டால் "உன்னாலதான் பஸ்ஸை விட்டேன்", "அவரால வந்த வம்பு." ஒன்று இயலுவது, இயலாதது. இன்னொன்று பழி. "இந்த வீடு என் தாத்தாவால்..." என்று ஆரம்பித்ததுமே கேட்கிற காது "ஐயோ, தாத்தாவால் என்ன ஆச்சு? கடனில் போச்சா?" என்று ஒரு நொடி திடுக்கிடும். அடுத்த நொடியில் "கட்டப்பட்டது" வந்து சமாதானம் சொல்கிறது. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் வந்திருக்க வேண்டும்.

கொத்தவால்சாவடி

எனக்கு வேறு மாதிரி கேட்டது. தாத்தா கொத்தனார், கரண்டியும் மட்டப்பலகையும் எடுத்துத் தானே கட்டினார் போல. "தாத்தா கட்டின வீடு" என்றால் பணம் போட்டு ஆள் வைத்துக் கட்டினார் என்று புரியும். "தாத்தாவால் கட்டப்பட்டது" என்றதும் கை வேலை ஞாபகம் வருகிறது. எனக்கு மட்டும்தானா?

பழைய_வாத்தியார்

உங்களுக்கு மட்டும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படிக் கேட்கும் என்று என்னால் சொல்ல முடியாது. (அட, நானும் ஒரு ஆல் போட்டுவிட்டேன்.)

சரம்_கோப்பவள்

நான் ஆப், இணையதளம் இவற்றுக்குத் தமிழ் எழுதிப் பிழைக்கிறேன். இந்தத் தொல்லைதான் தினமும். போன வாரம் ஒரு வரி: பொருளை அனுப்பியதும் வாடிக்கையாளருக்குப் போகிற செய்தி. "உங்கள் ஆர்டரை அனுப்பிவிட்டோம்" என்று எழுதினேன். அனுப்பியது கடைக்காரர், பேசுவதும் அவரே, அப்புறம் எதற்கு மூடிமறைக்க? சரிபார்ப்பவர் அதை "உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது" என்று மாற்றித் திருப்பி அனுப்பினார். மூலத்தில் "நாங்கள்" இல்லையாம்.

ஆனால் அதே தொகுப்பில் "உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது" என்பதை நான் தொடவில்லை. மாற்றியது நீங்களாக இருக்கலாம், திருடனாகவும் இருக்கலாம். யார் என்று சொல்லாமல் இருப்பதுதான் அந்தச் செய்தியின் வேலையே. "மாற்றிவிட்டீர்கள்" என்று எழுதினால் பொய்யாகிவிடும், "மாறிவிட்டது" என்றால் தானாக மாறியது போல இருக்கும்.

வங்கிக் குறுஞ்செய்தி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. "கணக்கிலிருந்து பணம் பிடித்தம் செய்யப்பட்டது" என்று எழுதுகிறோம். வீட்டில் எல்லோரும் "பணம் எடுத்துட்டாங்க" என்பார்கள். யார் அந்த "ஆங்க" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

பழைய_வாத்தியார்

அந்த "ஆங்க" முக்கியமான ஆள். "தெருவில் ரோடு போட்டாங்க", "கரண்டை நிறுத்திட்டாங்க", "அவரைக் கைது பண்ணிட்டாங்க." எழுத்தில் படு செய்கிற வேலையைப் பேச்சில் முகம் தெரியாத அந்தப் பலர் செய்துவிட்டுப் போகிறார்கள்.

வைகைக்கரை

சரி, குறளை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்திரிகைத் தமிழும் மொழிபெயர்ப்புத் தமிழ்தானே? "கைது செய்யப்பட்டனர்" நமக்கு உறுத்தவில்லை என்பது பழகிப்போனதால்தான். பழகிப்போனால் அது இயல்பாகிவிடுமா?

சரம்_கோப்பவள்

பழகினதுக்குத்தானே இயல்பு என்று பேர்? வேறு என்னவாம்?

வைகைக்கரை

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தனி இழை போடுங்கள், சண்டை போடலாம்.

முனைக்காற்று

நான் பருத்தித்துறை. எங்கட பக்கம் "இந்த வீடு அப்பப்பா கட்டினது" என்றுதான் வரும். வீடு முன்னுக்கு, ஆள் நடுவில், "கட்டினது" கடைசியில். ஆலும் இல்லை, படுவும் இல்லை. உங்கட பக்கமும் இப்படிச் சொல்வீர்கள்தானே?

ஒரு சந்தேகம். இங்கே "வீட்டை" என்று வராமல் "வீடு" என்றே நிற்கிறதே? பழைய உரைகளில் "திண்ணை மெழுகிற்று" என்று ஒரு உதாரணம் வரும். மெழுகினது ஆள், ஆனால் திண்ணையே மெழுகினது போலச் சொல்கிற மரபு. இதுவும் அந்த வகையோ?

பழைய_வாத்தியார்

நாங்களும் அப்படியே சொல்வோம், தாத்தா என்று மாற்றிக்கொண்டால் போதும்.

திண்ணை விஷயம்: தொல்காப்பியர் வினையியலில் சொல்லும் வழக்கு அது. என் கணக்கில் இது வேறு. "தாத்தா கட்டினது" என்பது ஒரு பெயர், தாத்தா கட்டிய ஒன்று என்று அர்த்தம். "இந்தப் பேனா நான் வாங்கினது" என்பது போல. வீடு எது? தாத்தா கட்டினது. அவ்வளவுதான். திண்ணை மெழுகிற்று என்பதில் வினைமுற்று நிற்கிறது, மெழுகினவர் பேரே வரவில்லை.

முனைக்காற்று

"திண்ணை நான் மெழுகினது" என்று சொன்னால்? இரண்டும் அவ்வளவு தூரம் இல்லையே. நான் இன்னும் யோசிக்கிறேன்.

புனே_மீனா

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இன்னொன்றும் புரியவேண்டும். சித்தப்பா மகன் மதுரையில் பிறந்து வளர்ந்தவன். அவன் ஏன் "நல்ல தமிழ்" என்றான்? அவன் காதில் அந்த ஆல் விழவில்லையா?

பழைய_வாத்தியார்

நீங்கள் கேட்ட கேள்வி அப்படி. "சரியா இருக்கா?" என்றால் தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாள்தான் கண்முன் வரும். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக என்று கேட்டு மதிப்பெண் போடுவோம். நானே நிறையப் போட்டிருக்கிறேன். அவர் உங்கள் விடைத்தாளைத் திருத்தி முழு மதிப்பெண் கொடுத்துவிட்டார். பேசுவது போல எழுதியிருந்தால் ஒருவேளை தவறு என்றே சொல்லியிருப்பார்.

வாக்கியத்தைக் காட்டாமல் கேளுங்கள். படத்தை மட்டும் அனுப்பி, "என் சிநேகிதி இது யார் வீடு என்று கேட்கிறாள், என்ன சொல்ல?" என்று கேளுங்கள். வருகிற பதிலை அப்படியே எழுதிவையுங்கள், திருத்த வேண்டாம். இரண்டு மூன்று பேரிடம் செய்தால் போதும்.

கொத்தவால்சாவடி

போனில் பேசச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. டைப் அடிக்கச் சொன்னால் எங்கள் அப்பா திடீரென்று பெரிய எழுத்தாளர் ஆகிவிடுவார்.

புனே_மீனா

செய்துவிட்டேன். மூன்று பேர், மூன்றும் போனில்.

சித்தப்பா மகன் (ஆமாம், அவனேதான்): "எங்க தாத்தா வீடு. அவர் கட்டினது."

அப்பா: "இது எங்க அப்பா கட்டின வீடும்மா."

அத்தையிடம் "எந்த வருஷம் என்று கேட்கிறாள்" என்று சேர்த்துக்கொண்டேன்: "அப்பா இந்த வீட்டைக் கட்டினது அறுபத்திரண்டுல."

ஒருவர் வாயிலும் ஆல் இல்லை, படு இல்லை. இன்னொன்று கவனித்தேன். மூன்று பேரில் ஒருவர்கூட "என்" என்று சொல்லவில்லை. நான் "என் தாத்தா" என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் "எங்க தாத்தா, எங்க அப்பா." அத்தை அதுகூட இல்லாமல் வெறும் "அப்பா."

சரம்_கோப்பவள்

அது சரியான பிடி! ஒரே பிள்ளையாக இருந்தாலும் "எங்க அம்மா", "எங்க வீடு" என்றுதான் வாயில் வரும். "என் வீடு" என்றால் பத்திரம் என் பேரில் இருக்கிறது, நீ வெளியே போ என்கிற மாதிரி. ஆனால் கட்டாய விதி இல்லை. "என் அம்மா" என்று பாசமாகச் சொல்கிறவர்களும் உண்டு, எழுத்தில் அது நிறையவே உண்டு. ஆல்பத்துக்கு "எங்கள் தாத்தா" என்று போடுங்கள். பார்க்கப்போவது பேரப்பிள்ளைகள் எல்லோரும்தானே.

பழைய_வாத்தியார்

மூன்று பதிலும் மூன்று விதம். எதைச் சொல்ல வந்தார்களோ அதற்கு ஏற்ற இடத்தில் சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது இது என்ன வீடு என்பது, அதனால் "வீடு" கடைசியில் வந்தது. அத்தையிடம் நீங்கள் கேட்டது வருஷம், அதனால் "அறுபத்திரண்டுல" கடைசிக்குப் போய்விட்டது. வீட்டை முன்னால் நிறுத்த வேண்டும் என்றுதானே நீங்கள் ஆலையும் படுவையும் கூப்பிட்டீர்கள்? தமிழில் அதற்கு வினையைத் திருப்பிப்போட வேண்டியதில்லை. "இந்த வீட்டைக் கட்டியது எங்கள் தாத்தா" என்றால் வீடு முன்னால் வந்துவிட்டது, தாத்தா கடைசியில் நின்று அழுத்தமும் வாங்கிக்கொண்டார்.

படத்துக்குக் கீழே போடுவதற்கு முழு வாக்கியமே வேண்டாம். "எங்கள் தாத்தா 1962-இல் கட்டிய வீடு." பேச்சில் "கட்டின", எழுத்தில் "கட்டிய." வேறு வித்தியாசம் இல்லை.

ஒற்றுக்காவலன்

ஒரு விஷயம் யாரும் கவனிக்கவில்லை. அத்தை "கல்வெட்டு மாதிரி" என்றாரே. கல்வெட்டுத் தமிழ் அப்படி இருக்காது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டச் சொன்னதைப் பாருங்கள்: "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி." நம்மால் எடுப்பிக்கப்பட்ட என்று இல்லை. கோயில் முடிந்தது 1010-இல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தத் தொடரும் இவர் அப்பா போனில் சொன்ன "எங்க அப்பா கட்டின வீடு" என்பதும் ஒரே அச்சு.

பழைய_வாத்தியார்

ஒற்றுக்காவலரே, முதல் பதிலில் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன், மன்னிக்கவும். அந்தக் கல்வெட்டில் இன்னும் அழகு உண்டு. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று பட்டியல் ஓடும். யார் கொடுத்தாலும் ஆலே கிடையாது. "குடுத்தன" என்பது முனைக்காற்று சொன்ன "கட்டினது" மாதிரிதான். "எடுப்பிச்ச" என்பதில் கொத்தவால்சாவடியின் சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. எடுக்கச் செய்த, ஆள் வைத்துக் கட்டிய. இப்போது நமக்கு "கட்டிய" என்பதே அந்த வேலையையும் பார்த்துக்கொள்கிறது.

கொத்தவால்சாவடி

அப்படியானால் அத்தை சொன்ன கல்வெட்டு எது? திறப்புவிழாப் பலகையா? "இக்கட்டிடம் மாண்புமிகு இன்னார் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது."

சரம்_கோப்பவள்

அதேதான்! பளிங்குப் பலகை, தங்க எழுத்து. அதற்கும் கல்வெட்டு என்றுதான் பேர். அந்தப் பலகையில் "அமைச்சர் திறந்து வைத்த கட்டிடம்" என்று எழுதிப் பாருங்கள், யாரோ வேலையை அரைகுறையாக விட்டுப் போனது போல இருக்கும். அங்கே "அவர்களால்" வேண்டும். மீனா எழுதியதும் அந்தப் பலகையில் கம்பீரமாக நிற்கும். தாத்தா வீட்டு ஆல்பத்தில் கோட்டு சூட்டு போட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது.

வைகைக்கரை

தமிழர்கள் எழுதும் பலகையிலேயே அப்படித்தான் இருக்கிறது என்றால், மீனாவுடையது தப்பு என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

பழைய_வாத்தியார்

தப்பு என்று இதுவரை யாரும் சொல்லவில்லையே தம்பி. நீங்கள்தான் வெட்டி எறியச் சொன்னீர்கள்.

புனே_மீனா

கடைசியாக ஒன்று. முதல் பக்கத்தை "எங்கள் தாத்தா 1962-இல் கட்டிய வீடு" என்று மாற்றி நேற்று அத்தைக்கு அனுப்பினேன். இந்தத் தடவை சிரிப்புப் பொம்மை வரவில்லை. போனே வந்தது.

"தமிழ் நல்லாத்தாண்டி இருக்கு. ஆனா பாதிக் கதைதான் எழுதியிருக்கே. கையில காசு எங்கே இருந்துச்சு அப்பாகிட்ட? அம்மா நகை அத்தனையும் வித்தாச்சு. அம்மாவாலதாண்டி இந்த வீடே எழும்புச்சு."

வாத்தியார் ஐயா, "அம்மாவால" என்கிறார்! ஆளோடு ஆல் வந்தால் இயலாமை இல்லாவிட்டால் பழி என்றீர்களே?

பழைய_வாத்தியார்

மாட்டிக்கொண்டேன். பழி என்று குறுக்கியது என் தப்பு. காரணம் என்று சொல்லியிருக்க வேண்டும். கெட்டதற்குக் காரணம் என்றால் பழி, நல்லதற்குக் காரணம் என்றால் இந்த மாதிரி நன்றி. ஆனால் பாருங்கள், அத்தை "கட்டப்பட்டது" என்று சொல்லவில்லை. "எழும்புச்சு" என்கிறார். பாட்டி கட்டவில்லை, பாட்டியால் வீடு எழும்பியது. "அதுக்குக் காரணம் இவர்தான்" என்று கைகாட்டும்போது இந்த ஆல் நாக்கில் தானாக வருகிறது.

சரம்_கோப்பவள்

"பாட்டி நகையை விற்றுத் தாத்தா கட்டிய வீடு" என்று போடுங்களேன்.

முனைக்காற்று

அதில் விற்றது யார்? பாட்டி தானே விற்றாவா, பாட்டியின் நகையைத் தாத்தா விற்றாரா? இரண்டு விதமாகவும் வாசிக்கலாம்.

புனே_மீனா

அதே கேள்வியைத்தான் அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "அதை அப்படியே விட்டுடு" என்றார்.

அப்படியே போட்டுவிட்டேன்.